“பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கவும்”: உயிலின் பங்குப் பத்தியைத் திருத்தி எழுதும் முறை

பட்டர்வொர்த்தில் ஒரு டெரஸ் வீடு, வங்கியில் சேமிப்பு, கொஞ்சம் நகை. மனைவி, ஒரு மகள், இரண்டு மகன்கள், ஒரு பேரன். பினாங்கில் நம்மவர்கள் பல பேருக்குச் சொத்தும் குடும்பமும் ஏறக்குறைய இந்த அளவுதான். இப்படிப்பட்ட ஒருவர் தானே உட்கார்ந்து உயில் எழுதினால், யாருக்கு என்ன என்று சொல்லும் பத்தி அநேகமாக இப்படி வரும்:

“பட்டர்வொர்த் வீட்டை என் பிள்ளைகள் மூவருக்கும் சமமாகக் கொடுக்கிறேன். அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொள்பவருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கவும். வங்கியில் உள்ள பணத்தை என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுக்கவும். பேரன் படிப்புக்கு 40,000 ரிங்கிட். நகைகளை மகளும் மருமகளும் பேசி எடுத்துக்கொள்ளட்டும்.”

எழுதியவருக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. அவர் மனத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. இந்தத் தாளைப் பிரித்துப் படிக்கும் நாளில் அவர் இருக்க மாட்டார் என்பதுதான் சிக்கல். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தபந்தம் இன்னும் கலையாத வீட்டில், தூக்கம் கெட்டவர்கள் படிக்கிற எழுத்து இது. அப்போது ஆளுக்கு ஒரு விதமாக அர்த்தம் எடுப்பதற்குப் பேராசை தேவையில்லை. “அப்பா என்னிடம் இப்படித்தான் சொன்னார்” என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நினைவு இருந்தால் போதும்.

இந்த ஐந்து வாக்கியங்களை வைத்தே என்ன கோளாறு, எப்படி மாற்றி எழுதுவது என்று பார்ப்போம். இங்கே சொல்வதெல்லாம் 1959ஆம் ஆண்டு உயில் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு. தமிழ் முஸ்லிம்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் எழுதும் ‘வசியத்’ என்ற உயிலுக்கு வேறு விதிகள் இருக்கின்றன.

முதலில் பணத்தைப் பற்றிய வாக்கியம். சண்டை அதிகம் மூளுவது அங்கேதான்.

வங்கியில் 180,000 ரிங்கிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈமச் செலவு, மருத்துவமனை பாக்கி, வக்கீல் கட்டணம், மற்றக் கடன்கள் எல்லாம் சேர்ந்து 20,000 போகிறது. மீதி 160,000. “மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்து” என்பதை நான்கு பேருக்கும் சமம் என்று படிக்கலாம். மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குச் சேர்த்துப் பாதி என்றும் படிக்கலாம். இதற்கு மேல் பேரனின் 40,000 எங்கிருந்து வர வேண்டும் என்ற கேள்வி இருக்கிறது. இந்தப் பணத்திலிருந்தே என்றால் பிரிக்க மிஞ்சுவது 120,000. வங்கிப் பணம் முழுவதும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று எடுத்தால் 160,000, பேரனுக்குக் கொடுக்க வேறு காசு இல்லை. இப்போது மனைவிக்கு எவ்வளவு? 30,000, 40,000, 60,000, 80,000 என்று நான்கு விடை வருகிறது. நான்கும் ஒரே வாக்கியத்திலிருந்து நியாயமாக எடுக்கக்கூடியவை. அம்மாவுக்கு 80,000 என்று நம்புகிற மகளும், எல்லோருக்கும் சமம் என்று நம்புகிற மகனும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுக்காரர் என்று நினைக்கத் தொடங்குவது இப்படித்தான்.

இதற்கு மருந்து, கொடுக்கும் வரிசையைப் பத்தியிலேயே எழுதுவது. முதலில் கடனும் செலவும். அடுத்து, தொகை குறிப்பிட்ட கொடைகள். அதற்குப் பிறகு மிஞ்சுவதெல்லாம் “மீதிச் சொத்து” என்ற ஒரே குவியல். அந்தக் குவியலை மட்டும் பின்னத்தில் பிரிக்க வேண்டும். வங்கியின் பெயரையோ கணக்கு எண்ணையோ சொல்லிக் கொடுத்தால், நாளைக்கு அந்தக் கணக்கை மூடிப் பணத்தை வேறு வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டதும் அந்தக் கொடை காற்றில் போய்விடலாம். குறிப்பிட்ட ஒரு பொருளைக் கொடுக்கிறேன் என்று எழுதி, சாகும்போது அந்தப் பொருள் கையில் இல்லையென்றால், அதற்குப் பதிலாக வேறொன்று தானாக வந்து நிற்காது. மீதிச் சொத்து என்று எழுதினால் பணம் எந்த வங்கியில் இருந்தாலும் உள்ளே வந்துவிடும். உயில் எழுதிய பிறகு சம்பாதித்ததும் வந்துவிடும்.

பங்கைச் சொல்லும்போது சதவீதத்தை விடப் பின்னம் நல்லது. மூன்று பேருக்கு 33.33 என்று எழுதினால் மொத்தம் 99.99 வருகிறது, நிலமாக இருந்தால் அந்தப் புள்ளியும் தொந்தரவுதான், ஏனென்றால் நில அலுவலகத்தில் பங்கைப் பின்னமாகவே பதிவார்கள். எழுதி முடித்ததும் பின்னங்களைக் கூட்டிப் பாருங்கள். மனைவிக்கு 1/2, மூன்று பிள்ளைகளுக்குத் தலா 1/6: கூட்டினால் சரியாக 1. மனைவிக்கு 1/2, மகளுக்கு 1/4, மகன்களுக்குத் தலா 1/10 என்று எழுதிவிட்டு எல்லாம் கொடுத்தாயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே 1/20 யாருக்கும் இல்லாமல் தொங்கும். அந்தத் துண்டுக்கு மட்டும் உயிலே இல்லை என்பது போலக் கருதி, 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி பிரிக்க வேண்டி வரும்.

ஊழியர் சேமநிதிப் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முஸ்லிம் அல்லாதவர் நியமனதாரர் பெயர் கொடுத்திருந்தால் அந்தப் பணம் உயிலுக்குள் வராமல் நேராக நியமனதாரரிடம் போகும். மனைவியையோ பிள்ளைகளையோ நியமித்த ஆயுள் காப்புறுதியும் அப்படியே. “என் இபிஎஃப் பணத்தை மூன்று பேரும் பிரித்துக்கொள்ளவும்” என்று உயிலில் எழுதி, நியமனத்தில் மூத்த மகள் பெயர் மட்டும் இருந்தால், உயில் ஒன்று சொல்லும், கையில் வருவது வேறாக இருக்கும். நியமனப் பாரத்தை மாற்றுவதுதான் வழி. உயிலில் ஒரு வரி சேர்ப்பதால் பயனில்லை.

அடுத்தது வீடு. “பட்டர்வொர்த் வீடு” என்றால் குடும்பத்துக்குத் தெரியும். ஆனால் அதில் அப்பாவுக்கு எவ்வளவு சொந்தம் என்று பலருக்குத் தெரியாது. வீட்டின் உரிமைப் பத்திரமான கிராண்டை எடுத்துப் பாருங்கள். கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால், ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத பங்கு இருக்கிறது என்று பொருள். ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்குத் தானாகப் போய்விடும் என்று நம் பக்கம் பரவலாக ஒரு நம்பிக்கை. நம் நிலச் சட்டத்தில் அப்படிக் கிடையாது. இறந்தவரின் பங்கு அவருடைய உயிலின்படியே போகும். அதனால் அப்பா கொடுக்க முடிந்தது தன் 1/2 பங்கு மட்டும். வீட்டின் மதிப்பு 480,000 என்றால் அவர் கையில் இருப்பது 240,000. பிள்ளைக்குத் தலா 80,000. வீடு முழுவதும் தங்களுடையது என்று 160,000 வீதம் கணக்குப் போட்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது பேரிடி. அம்மா ஏதோ செய்துவிட்டார் என்றுகூடச் சந்தேகம் வரும். “என் பெயரில் உள்ள பிரிக்கப்படாத 1/2 பங்கு” என்ற ஒரு தொடர் இந்தச் சந்தேகத்தை முளையிலேயே கிள்ளிவிடும்.

வீட்டைக் கிராண்டில் உள்ளபடி எழுத வேண்டும்: உரிமைப் பத்திரத்தின் வகையும் எண்ணும், லாட் எண், முக்கிம், மாவட்டம். பட்டர்வொர்த் என்றால் மாவட்டம் செபராங் பிறை உத்தாரா. தபால் முகவரியையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. தற்காலிக உரிமைப் பத்திரம் பின்னால் நிரந்தரக் கிராண்டாக மாறும்போது எண் மாறும். ஃபிளாட்டுக்குத் தனி உரிமைப் பத்திரம் பல ஆண்டு கழித்து வருவதும் உண்டு. ஆகையால் “அல்லது அதற்குப் பதிலாக வழங்கப்படும் உரிமைப் பத்திரம்” என்று சேர்த்துவிடுங்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் பாக்கி இருந்தால் அதை வீடு பெறுபவர்கள் கட்டுவதா, மீதிச் சொத்திலிருந்து கட்டுவதா என்று சொல்ல வேண்டும். கடன் காப்புறுதி எல்லாவற்றையும் அடைத்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். வட்டி விகிதம் ஏறினாலோ, கடனை நீட்டி எடுத்திருந்தாலோ காப்புறுதி போதாமல் போகலாம்.

இப்போது அந்த இரண்டாம் வாக்கியம்: “அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொள்பவருக்குச் சற்றுக் கூடுதலாக.” பாசத்தோடு எழுதிய இந்த ஒரு வரியில் எத்தனை ஓட்டை என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அம்மா என்றால் எழுதியவரின் தாயா, பிள்ளைகளின் தாயா? இருவரும் உயிரோடு இருந்தால்? பார்த்துக்கொள்வது என்றால் கூட இருந்து சோறு போடுவதா, கோலாலம்பூரிலிருந்து மாதம் 800 ரிங்கிட் அனுப்பி வைப்பதா, வேலைக்காரப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுப்பதா? எத்தனை மாதம் பார்த்தால் கணக்கு? மூன்று பேருமே பார்த்தால்? சற்றுக் கூடுதல் என்றால் எவ்வளவு? இதையெல்லாம் தீர்மானிப்பது யார்? உயிலை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டராக மகன்களில் ஒருவரே இருந்தால், தனக்குத் தானே மார்க் போட்டுக்கொண்டார் என்ற பேச்சு நிச்சயம் வரும்.

சட்டமும் இங்கே கை கொடுக்காது. எப்போது நிறைவேறியது, எப்போது மீறப்பட்டது என்று திட்டமாகச் சொல்ல முடியாத நிபந்தனை நீதிமன்றத்தில் நிற்காமல் போக வாய்ப்பு அதிகம். இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. “கடைசி வரை” என்றால் அம்மா இறக்கும் நாள் வரை பங்கைப் பிரிக்க முடியாது. அது பதினைந்து ஆண்டாகவும் இருக்கலாம்.

எங்கள் யோசனை, இந்த வாக்கியத்தை இரண்டாக உடைப்பது. அம்மாவுக்குத் தேவை கூரையும் கைக்காசும். கூரைக்கு, அந்த வீட்டில் ஆயுள் முழுவதும் குடியிருக்கும் உரிமையை எழுதிக் கொடுங்கள். வீட்டில் பாதி அவருடையதுதானே, இதற்கு உரிமை எதற்கு என்று கேட்கலாம். கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் கூட்டுரிமையை முடித்துத் தரும்படி நீதிமன்றம் போக முடியும். கடன் நெருக்கடியில் இருக்கும் ஒரு மகன் அதைச் செய்யலாம். குடியிருப்பு உரிமை இருந்தால் அந்தக் கதவு அடைபடும். கைக்காசுக்கு, மீதிச் சொத்தில் அம்மாவுக்கே பெரிய பங்கு கொடுங்கள். தன்னை யார் பார்த்துக்கொள்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். கூடுதலாகக் கொடுக்க நினைத்தால் உயிரோடு இருக்கும்போதே கொடுக்கட்டும், அல்லது தன் உயிலில் எழுதட்டும். செத்தவர் முன்கூட்டியே மதிப்பெண் போட வேண்டியதில்லை.

அதையும் மீறி, பார்த்துக்கொள்பவருக்கு நானே எழுதித்தான் தீருவேன் என்பவர்கள் உண்டு. அப்படியானால் கண்ணால் சரிபார்க்கக்கூடிய ஒன்றை நிபந்தனையாக்குங்கள்: “என் மனைவி இறக்கும் நாளுக்கு முந்திய 12 மாதங்கள் தொடர்ந்து அவருடன் அதே வீட்டில் வசித்த என் பிள்ளைக்கு 20,000 ரிங்கிட், அப்படி ஒன்றுக்கு மேற்பட்டோர் இருந்தால் அவர்களுக்குச் சமமாக, யாரும் இல்லையென்றால் இந்தத் தொகை மீதிச் சொத்தில் சேரும், வசித்தாரா என்பதை இன்னார் முடிவு செய்வார்.” அந்த இன்னார் பங்கு பெறாதவராக இருக்க வேண்டும். நிபந்தனை எழுதும் எவரும் இந்த நான்கையும் விடக் கூடாது: அளக்கக்கூடிய செயல், காலக்கெடு, தீர்ப்புச் சொல்லும் ஆள், நிறைவேறாவிட்டால் சொத்து போகும் இடம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

பேரன் விஷயத்துக்கு வருவோம். இன்றைக்கு ஒரே பேரன், அதனால் “பேரன்” என்றதும் யார் என்று தெரியும். உயில் பத்து ஆண்டு பெட்டியில் கிடந்து, அதற்குள் இன்னும் இரண்டு பேரன்கள் பிறந்துவிட்டால்? முழுப் பெயரும் அடையாள எண்ணும் எழுதுங்கள். சிறுவர்களுக்கான மைகிட் அட்டையில் இருக்கும் 12 இலக்க எண்தான் பிறகு மைகார்டிலும் வரும், ஆகவே குழந்தைக்கும் எழுதலாம். இது பெரியவர்களுக்கும் பொருந்தும். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு என்று நம் குடும்பங்களில் சாதாரணமாக நடக்கிறது. அடையாள அட்டை எண் மாறாது. சட்டப்படி தத்துப் பதியாமல் வளர்த்த பிள்ளை இருந்தால் “என் பிள்ளைகள்” என்ற பொதுச் சொல்லுக்குள் அவர் வராமல் போகலாம். அவரைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும்.

“படிப்புக்கு” என்பதும் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளப்படும். பணம் பேரனுக்குத்தான், படிப்பு என்பது கொடுத்த காரணம் மட்டும் என்று படிக்கலாம். அல்லது படித்தால்தான் பணம் என்றும் படிக்கலாம். பையன் கல்லூரிக்குப் போகாமல் வாகனப் பட்டறையில் தொழில் கற்கப் போனால் கொடுப்பதா வேண்டாமா? எந்தச் செலவெல்லாம் படிப்புச் செலவு என்று எழுதிவிட்டால் இந்தக் கேள்வி எழாது.

வயது விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. “40,000 ரிங்கிட்டைப் பேரனுக்குக் கொடுக்கிறேன், 23 வயதில் ஒப்படைக்கவும்” என்று எழுதினால், பணம் இப்போதே அவனுடையது, ஒப்படைப்புதான் தள்ளிப் போகிறது என்று ஆகும். 18 வயது நிறைந்ததும் அவன் வந்து, என் பணத்தைக் கொடுங்கள் என்று கேட்டால் தடுப்பது கடினம். உண்மையிலேயே 23 வரை காத்திருக்க வேண்டும் என்று விரும்பினால், “23 வயதை அடைந்தால் மட்டும்” என்று எழுதி, அடையாமல் போனால் யாருக்கு என்பதையும் சேர்க்க வேண்டும்.

நகை வாக்கியத்தை அநேகமாக அப்படியே வெட்டிவிடலாம். பெட்டியில் இருக்கும் நகை பெரும்பாலும் மனைவியுடையது; அது கணவன் உயிலில் கொடுக்கக்கூடிய பொருளே அல்ல. கணவனுக்கே சொந்தமானது, அதாவது தன் தாய்வழி வந்த ஒரு சங்கிலி, ஒரு மோதிரம் என்று இருந்தால், அதை அடையாளம் சொல்லி ஒருவர் பெயருக்கு எழுதுங்கள்: எத்தனை கிராம், என்ன வேலைப்பாடு, எங்கே இருக்கிறது. “தனிப் பட்டியலில் கண்டபடி” என்று எழுதிவிட்டுப் பட்டியலைப் பிறகு சாவகாசமாக எழுதுவது ஆபத்து. உயிலில் கையெழுத்திடும் நாளில் ஏற்கெனவே இருக்கும் தாளைத்தான் உயிலோடு சேர்த்துப் படிக்க முடியும். பிறகு எழுதியதற்கும் திருத்தியதற்கும் பலம் கிடையாது. “பேசி எடுத்துக்கொள்ளட்டும்” என்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மருமகள்கள் இருக்கும் வீட்டில் “மருமகள்” என்று ஒருமையில் எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பழைய பத்தியில் இல்லவே இல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. பெறுபவர் முந்திக்கொண்டு இறந்தால்? நடு மகன் தன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு அப்பாவுக்கு முன்பே போய்விடுகிறார் என்று கொள்வோம். பொதுவாக, முன்பே இறந்தவருக்கு எழுதிய கொடை செல்லாது, மீதிச் சொத்தில் விழும். ஆனால் இறந்தவர் உயில் எழுதியவரின் பிள்ளையாகவோ பேரப்பிள்ளையாகவோ இருந்து, அவருக்கு வாரிசுப் பிள்ளைகளும் உயிரோடு இருந்தால், நம் உயில் சட்டம் அந்தப் பங்கைக் காப்பாற்றுகிறது. அப்பா இறந்த மறுகணம் மகன் இறந்தது போலக் கருத வேண்டும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கு நேராகப் பேரப்பிள்ளைகள் கைக்கு வருவதில்லை. இறந்த மகனின் சொத்துக்குள் போகிறது. அங்கே முதலில் அவருடைய கடன்காரர்கள் நிற்கிறார்கள். அவருக்கு உயில் இல்லையென்றால் பகிர்வுச் சட்டப்படி மனைவிக்கு 1/4, பிள்ளைகளுக்கு 1/2, உயிரோடு இருக்கும் பெற்றோருக்கு 1/4. அவர் பங்கு 20,000 என்றால், கடனே இல்லாவிட்டாலும் மனைவிக்கு 5,000, இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 10,000, மீதி 5,000 திரும்பவும் அம்மாவிடமே வருகிறது. தாத்தா நினைத்தது இதுவாக இருக்காது. பேரப்பிள்ளைகளுக்கு நேராகப் போக வேண்டும் என்றால் அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

கணவனும் மனைவியும் ஒரே கார் விபத்தில் அடுத்தடுத்து இறப்பதற்கும் ஒரு வரி வேண்டும். என் மரணத்துக்குப் பின் 30 நாள் உயிருடன் இருந்தால்தான் பெறுவார் என்று எழுதினால், உயிலுக்கு நீதிமன்ற அங்கீகாரம் வாங்கும் புரோபேட் வேலையை ஒரே பணத்துக்கு இரண்டு முறை பார்ப்பது தவிரும்.

இவ்வளவையும் உள்ளே வைத்து அந்தப் பத்தியைத் திருப்பி எழுதினால் இப்படி வரும். அடைப்புக்குள் இருப்பதை உங்கள் குடும்பத்துக்கு ஏற்ப நிரப்பிக்கொள்ளுங்கள்.

“1. என் கடன்கள், ஈமச் செலவு, உயிலை நிறைவேற்றும் செலவு ஆகியவற்றை முதலில் மீதிச் சொத்திலிருந்து கட்ட வேண்டும். கீழே சொன்ன வீட்டின் மேல் கடன் பாக்கி இருந்தால் அதில் என் பங்கையும் அவ்வாறே கட்ட வேண்டும்.

2. செபராங் பிறை உத்தாரா மாவட்டம், (முக்கிம்), லாட் (எண்), கிராண்ட் (எண்) அல்லது அதற்குப் பதிலாக வழங்கப்படும் உரிமைப் பத்திரத்தில் கண்ட வீட்டில், என் பெயரில் உள்ள பிரிக்கப்படாத 1/2 பங்கை என் நிறைவேற்றுநர்கள் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும். என் மனைவி (முழுப் பெயர், அடையாள அட்டை எண்) தம் ஆயுள் முழுவதும் அங்கே வாடகையின்றிக் குடியிருக்கலாம். நிலவரியையும் வீட்டு வரியையும் அவர் கட்ட வேண்டும். அவர் இறந்தாலோ, இந்த உரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலோ, தொடர்ந்து 12 மாதம் அங்கே வசிக்காவிட்டாலோ உரிமை முடியும். மருத்துவமனையிலோ பராமரிப்பு இல்லத்திலோ இருக்கும் காலம் இதில் சேராது. உரிமை முடிந்ததும், அல்லது என் மனைவி எனக்கு முன்பே இறந்திருந்தால் என் மரணத்தின்போதே, அந்த 1/2 பங்கை என் மகள் (பெயர், எண்), மகன் (பெயர், எண்), மகன் (பெயர், எண்) ஆகியோருக்குத் தலா 1/3 வீதம் மாற்றிக் கொடுக்க வேண்டும். நான் இறக்கும்போது இந்த வீடு எனக்குச் சொந்தமாக இல்லையென்றால் இந்தப் பிரிவு செல்லாது; அதற்கு ஈடாக வேறெதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

3. 40,000 ரிங்கிட்டை என் நிறைவேற்றுநர்கள் தனியாக எடுத்து வைத்து, என் பேரன் (பெயர், எண்) கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ படிக்கும் கட்டணம், விடுதி, புத்தகம், கருவிகள் ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டும். அவர் 23 வயதை அடைந்தால் மிச்சத்தை அவரிடம் கொடுக்க வேண்டும். 23 வயதுக்கு முன் அவர் இறந்தால் மிச்சம் மீதிச் சொத்தில் சேரும்.

4. என் மற்றச் சொத்து எல்லாமே மீதிச் சொத்து. அதில் என் மனைவிக்கு 1/2, மேலே பெயர் சொன்ன மூன்று பிள்ளைகளுக்குத் தலா 1/6. எனக்குப் பின் 30 நாள் என் மனைவி உயிருடன் இல்லையென்றால் அவர் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகச் சேரும்.

5. பிள்ளைகளில் ஒருவர் எனக்கு முன்பே, அல்லது எனக்குப் பின் 30 நாளுக்குள் இறந்தால், பிரிவு 2இலும் 4இலும் அவருக்குரிய பங்கு, அப்போது உயிருடன் இருக்கும் அவருடைய பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். அவருக்குப் பிள்ளைகள் இல்லையென்றால் என் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும்.”

ஐந்து வாக்கியம் இருந்த இடத்தில் ஒரு பக்கம் வந்துவிட்டது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். “மேற்படியார்”, “அன்னார்” போன்ற பத்திரப் பேச்சு ஒன்றும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். “அவர்” என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் அது ஒரே ஆளைத்தான் குறிக்குமா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் பெயரையே திரும்ப எழுதுங்கள்; நீளமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

எழுதியதைச் சோதிக்க நல்ல வழி ஒன்று. குடும்பத்தைத் தெரியாத இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, யாருக்கு எத்தனை ரிங்கிட் என்று கணக்கு எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் உயிரோடு இருந்தால். நடு மகன் முன்பே இறந்திருந்தால். மனைவி பத்தாம் நாள் இறந்தால். வீடு ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தால். மேலே உள்ள பத்தியில், 180,000இல் 20,000 செலவும் பேரனின் 40,000உம் போக, முதல் கேள்விக்கு மனைவிக்கு 60,000, பிள்ளைகளுக்குத் தலா 20,000 என்று வர வேண்டும். இரண்டாவதில், இறந்த மகனின் 20,000 அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் தலா 10,000. மூன்றாவதில் மூன்று பிள்ளைகளுக்கும் தலா 40,000. நான்காவதில், விற்ற பணம் இன்னும் வங்கியில் இருந்தால் அது மீதிச் சொத்தில் சேர்ந்து, மனைவிக்குப் பாதியாகவும் பிள்ளைகளுக்குத் தலா 1/6 ஆகவும் போகும். இதுவரை தலா 1/3 எதிர்பார்த்த பிள்ளைகளுக்கு இது வேறு முடிவு. அது வேண்டாம் என்றால் பிரிவு 2இன் கடைசி வாக்கியத்தை இப்போதே மாற்ற வேண்டும். இருவர் விடையும் எந்த இடத்தில் வேறுபடுகிறதோ அந்த வாக்கியத்தைத் திருப்பி எழுதுங்கள். வாயால் விளக்கிப் புரிய வைக்காதீர்கள், பதினாறாம் நாளன்று விளக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

உயிலைத் தமிழில் எழுதினாலும் செல்லும். ஆனால் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் மனுவோடு கொடுக்கும்போது மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். அப்போது மொழிபெயர்ப்பவர் தேர்ந்தெடுக்கும் சொல்தான் உங்கள் சொல்லாகிவிடும். தமிழில் இப்படி எழுதிச் சோதித்துவிட்டு, வழக்கறிஞரிடம் கொடுத்து மலாயிலோ ஆங்கிலத்திலோ உயிலாக்கிக்கொள்வது மேல். பிரிவு 2, 3 இரண்டும் நிறைவேற்றுநர்கள் பல ஆண்டு சுமக்க வேண்டிய பொறுப்பு என்பதால், ஒருவரை மட்டும் போடாமல் இருவரைப் போடுங்கள். ஒருவராவது பங்கு பெறாதவராக இருக்கட்டும்.

கையெழுத்தில் வரும் தவறு பத்தியில் வரும் தவறை விட மோசம். எழுதியவர் உயிலின் அடியில் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் அங்கே இருந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சாட்சியாகக் கையெழுத்திட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ அந்த உயிலில் எழுதிய கொடை செல்லாது. மாப்பிள்ளைதானே வீட்டில் இருக்கிறார் என்று அவரைச் சாட்சி போடச் சொன்னால், உயில் நிற்கும், மகளின் பங்கு மட்டும் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரரும், வேலையிடத்து நண்பரும் போதும்.

பிறகு பங்கை மாற்ற நினைத்தால் பேனாவால் அடித்து 1/6ஐ 1/4 ஆக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. உயிலைப் போலவே சாட்சிகளோடு கையெழுத்திடாத திருத்தம் செல்லாது. அந்தப் பின்னம் மாறினால் மற்றப் பின்னங்களும் மாற வேண்டும் என்பதால், முழுப் பத்தியையும் புதிதாக எழுதி, பழைய உயில்களை ரத்து செய்வதாகச் சொல்லிப் புது உயிலாகவே கையெழுத்திடுங்கள். மனைவியை இழந்தவர் மறுமணம் செய்தால், அந்தத் திருமணத்தை எதிர்பார்த்து எழுதியதாக உயிலில் இல்லாதவரை, பழைய உயில் முழுவதுமே ரத்தாகிவிடும். திருமணப் பதிவு முடிந்த வாரத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள்.